தாளமில்லாத் தாண்டகம்

இளைஞனின் மிருதங்கம் ஐந்து கட்டைச் சுருதிக்குச் செய்யப்பட்டது. ஓதுவாரின் குரலோ வயது ஏற ஏற இறங்கி, ஒரு கட்டையில் வந்து நின்றிருந்தது. இந்த இடைவெளியை முதல் நாளே அறிந்துகொள்ளாதது இளைஞனின் பிழை.

மிருதங்கம் எந்தச் சுருதிக்கும் வளைந்து கொடுக்கும் கருவியன்று. வலந்தலையைச் சுற்றியுள்ள தோற்பின்னலை மேலிருந்து கட்டையும் கல்லும் கொண்டு தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஆனால் இந்த ஏற்ற இறக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. அரைக் கட்டை, ஒரு கட்டை வரையில் கருவி பொறுத்துக்கொள்ளும். ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறக்க முயன்றால் தோல் தொய்ந்து, நாதம் போய், வெறும் தட்டல் ஓசையே எஞ்சும். தாழ்ந்த குரலுக்கு வேறு மிருதங்கம் வேண்டும். அதன் பலாமரக் கட்டை நீளமானது. வாயும் சற்று அகன்றது. தக்கு மிருதங்கம் என்பர் அதனை.

அவனுடைய ஆசிரியர் தம்மிடமிருந்த தக்கு மிருதங்கத்தை எடுத்துக் கொடுத்தார். “ஐயாற்றில் ஒரு பெரிய ஓதுவார் இருக்கிறார். ஆடி அமாவாசைக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆள் கேட்டார். போய் வா. பணம் பற்றிப் பேசாதே” என்றார். பதினொன்றாம் வகுப்பு மாணவனான அவனுக்கு இதில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. மாவட்ட அளவிலான போட்டியில் அவ்வாண்டுதான் முதற்பரிசு பெற்றிருந்தான். சபைகளில் வாசிக்க வேண்டும், தனி ஆவர்த்தனத்தில் அரங்கை அதிர வைக்க வேண்டும் என்பன அவனுடைய கனவுகள். எழுபத்தொன்பது வயது முதியவர் ஒருவர் கோயிலில் பதிகம் பாட, அருகில் அமர்ந்து தாளம் போடுவது அந்தக் கனவுக்குள் எங்கும் பொருந்தவில்லை. இருப்பினும் ஆசிரியரின் சொல்லை மீறும் துணிவும் அவனுக்கு இல்லை.

ஆடி அமாவாசைக்கு ஒரு மாதம் இருக்கையில், ஐயாற்றுக்கு அருகில் ஒரு சிற்றூர்க் கோயிலில் ஓதுவாரின் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஒத்திகை ஏதும் இல்லை. வயலின் வாசிக்கும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ஐம்பது அறுபது பேர் மண்டபத்தில் அமர்ந்திருந்தனர்.

ஓதுவார் திருச்சிற்றம்பலம் என்று சொல்லித் தொடங்கினார். அப்பர் ஐயாற்றில் பாடிய காந்தாரப் பண் பதிகத்தை ரூபக தாளத்தில் எடுத்தார். முதற்பாட்டிலேயே இளைஞனின் விரல்கள் தம் திறத்தைக் காட்டத் தொடங்கிவிட்டன. பாட்டின் அடி முடியுமிடத்தில் மும்முறை வரும் தீர்மானம் ஒன்றை வைத்தான். அது சரியாகச் சமத்தில் வந்து விழுந்தது. கூட்டத்தில் சிலர் கை தட்டினர். அடுத்த பாட்டில் அதைவிட நீண்ட தீர்மானம். அதற்கடுத்த பாட்டில், ஓதுவார் இன்னும் சொல்லை முடிக்காத நிலையிலேயே மூன்றாம் காலத்தில் விரல்கள் பாய்ந்தன. தக்கு மிருதங்கத்தின் தொப்பி எழுப்பிய கனத்த ஓசை முதியவரின் குரலை மூடியது. அவர் சினக்கவில்லை. மிருதங்கம் ஓயும் வரை காத்திருந்தார். ஓய்ந்தபின் விட்ட சொல்லை மீண்டும் எடுத்துப் பாடினார். பதினொரு பாட்டுகளையும் பாட வேண்டியவர் ஏழு பாட்டோடு நிறுத்திக்கொண்டதை இளைஞன் கவனிக்கவும் இல்லை. நேரம் எங்கே போயிற்று என்பதை வயலின் வாசித்த பெரியவர் மட்டும் அறிந்திருந்தார்.

பாடகருக்குப் பாட்டின் நடுவில் கிடைக்காத கைதட்டல், பாட்டை நிறுத்தி வைத்த மிருதங்கக்காரருக்குக் கிடைத்துவிடுவது நம் அரங்குகளின் விந்தைகளுள் ஒன்று. அன்று நிகழ்ந்ததும் அதுவே.

பேருந்துக்குக் காத்திருக்கையில் ஓதுவார் அவனிடம் கேட்டார்:

“தம்பி, நாம் வாசித்த பதிகத்தில் என்னென்ன உயிர்கள் வந்தன?”

அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “உயிர்களா, ஐயா?”

“பாட்டுக்கு ஒரு சோடி வருகிறது. ஒன்றையாவது சொல்.”

அவனால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. ரூபக தாளம், இடம் சமம், தான் வைத்த தீர்மானங்களின் கணக்கு ஆகிய மூன்றும் நன்றாக நினைவிருந்தன. பாட்டு நினைவில் இல்லை. சரியாகச் சொன்னால், பாட்டு அவன் காதில் விழவே இல்லை.

“திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வா. மிருதங்கம் வேண்டாம். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்” என்றார் ஓதுவார்.

அப்பதிகத்தின் பின்னணியை ஓதுவார் அவனுக்குச் சொன்னார். முதுமையில் அப்பர் கயிலை காண வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், மார்பால் தவழ்ந்தார், உடல் முழுதும் தேய்ந்தபின் புரண்டார். இறைவன் அவரை அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, ஐயாற்றுக் குளத்தில் எழச் செய்தான் என்பது வரலாறு. கரையேறிய அப்பரின் கண்ணில் பட்டவை ஊரில் உலவிய சாதாரண உயிர்களே: ஆணும் பெண்ணுமாக யானைகள், மயில்கள், நாரைகள், கிளிகள். அவை அனைத்தையும் அம்மையப்பராகவே கண்டார். எந்தக் கயிலைக்கு உடல் தேய நடந்தாரோ அதனைக் கோழியிலும் குயிலிலும் கண்டுகொண்டார். ஐயாற்றில் ஆடி அமாவாசை நாள் இந்தக் காட்சிக்கு உரியது.

“இப்போது சொல். யானை நடந்து வரும் பாட்டுக்கும் கிளி பறந்து வரும் பாட்டுக்கும் நீ ஒரே தீர்மானம் வைக்கலாமா?” என்று கேட்டார்.

பதிகம் முழுவதையும் அவன் தன் கையால் எழுதினான். எழுதியதை ஓதுவார் தாளமிட்டுச் சொல்லச் சொன்னார், பாடச் சொல்லவில்லை. தேவாரப் பாட்டில் எந்தச் சீர் நீளும், எது குறுகும் என்பதைப் பாட்டின் யாப்பே வகுத்துவிடுகிறது. அந்த அமைப்புக்குக் கட்டளை என்று பெயர். அதனைக் கண்டுகொண்டால் மிருதங்கத்துக்கு வேண்டிய சொற்கட்டு பாட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். வெளியிலிருந்து கணக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. நெடில் நிற்குமிடத்தில் வலந்தலையில் ஒரு மீட்டு. வல்லின ஒற்று அடைக்குமிடத்தில் ஓர் அடைப்பு. அடி முடியுமிடத்தில் தொப்பியில் ஒரு கும்கி. இவ்வளவே போதுமானதாக இருப்பது அவனுக்கு முதலில் ஏமாற்றமாகவும் பின்னர் வியப்பாகவும் இருந்தது.

அவன் தஞ்சாவூரிலிருந்து வருபவன் என்பதால், ஒருநாள் ஓதுவார் பெரிய கோயிலைப் பற்றிப் பேசினார். அந்தக் கோயிலை எடுத்த முதலாம் இராசராசன் அங்குத் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை அமர்த்தினான்; அவர்களோடு உடுக்கை வாசிப்பவர் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரும் இருந்தனர். இந்த 50 பேருக்கும் ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். கல்வெட்டு சொல்லும் செய்தி இது.

“பாடியவர்க்கும் முக்குறுணி, கொட்டியவர்க்கும் முக்குறுணி. ஆனால் அந்தக் கல்வெட்டில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. பதியம் பாட என்று சொல்லவில்லை. விண்ணப்பம் செய்ய என்கிறது. விண்ணப்பம் செய்கிறவருக்கு நடுவில் யாராவது குறுக்கே பேசுவார்களா?”

இளைஞன் தலை குனிந்தான். அன்றுதான் முதன்முறையாக அந்தச் சிற்றூர் நிகழ்ச்சி அவனை உறுத்தியது.

அடுத்து வந்ததுதான் கடினமான பாடம். ஆடி அமாவாசையன்று பதிகத்துக்கு முன்னால் ஐயாற்றுத் திருத்தாண்டகம் ஒன்றைப் பாட ஓதுவார் எண்ணியிருந்தார். இறைவனை ஓசையாகவும் ஒலியாகவும் கண்டு அப்பர் பாடியது அது. ஓதுவார் மரபில் தேவாரத்தைப் பாடும் முறை இரண்டு. தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம்; தாளமின்றிப் பாடுவது சுத்தாங்கம். தாண்டகமும் திருவிருத்தமும் சுத்தாங்கமாகப் பாடப்படுபவை. எனவே தாண்டகம் பாடி முடியும் வரையில் மிருதங்கத்துக்கு வேலையே இல்லை.

“அப்படியானால் அந்த நேரத்தில் நான் மேடைக்கு வெளியே இருக்கட்டுமா, ஐயா?”

“வேண்டாம். மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே இரு.”

சும்மா இருப்பது எளிது என்று எண்ணுவோர் தாளக்கருவி பயின்ற விரல்களை அறியாதவர்கள். பத்தாண்டுப் பயிற்சியில் எந்த ஓசையைக் கேட்டாலும் அதன் நடைக்கு ஒரு சொல்லைப் பொருத்திவிட அவை பழகியிருந்தன. ஓதுவார் வீட்டில் தாண்டகத்தைப் பாடும்போதெல்லாம் இளைஞனின் ஆட்காட்டி விரல் தொடையில் தானாக அசைந்தது. அசைந்ததும் ஓதுவார் பாட்டை நிறுத்தினார். பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஒருநாள் மாலையில் ஆறு முறை அவ்வாறு நிறுத்த நேர்ந்தது. ஏழாம் முறை விரல் அசையவில்லை. தாளம் இல்லாததால் அடுத்த அடி எப்போது வரும் என்பதைக் கணக்கிட அவனிடம் ஒன்றும் இல்லை. ஆகவே அவன் முதியவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னதாக அவருடைய தோள்கள் சற்று உயர்வதைக் கண்டான். நெஞ்சு விரிந்து மூச்சு உள்ளே போகிறது. அதன்பின் சொல் வெளியே வருகிறது. இதைக் கண்டபின் பாட்டு அவனுக்கு வேறாகக் கேட்டது.

அன்று ஓதுவார் அவனைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். ஐயாறப்பர் கோயிலின் வெளித் திருச்சுற்றில் ஓரிடத்தில் நின்று கூப்பிட்டால் குரல் பலமுறை எதிரொலித்துத் திரும்பும். ஏழு முறை என்பர். வெளியூரார் அங்கு நின்று ஐயாறா என்று கூவிப் பார்ப்பது வழக்கம்.

“உனக்குப் பிடித்த ஒரு தீர்மானத்தை இங்கே வாயால் சொல்” என்றார்.

அவன் விரைவாக ஒரு சொற்கட்டைச் சொன்னான். முதற்சொல்லின் எதிரொலி வருவதற்குள் பத்தாம் சொல் போயிற்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மதிலில் பட்டுத் திரும்பியது இரைச்சலாகவே இருந்தது. ஓதுவார் ஐயாறா என்று ஒருமுறை அழைத்து வாயை மூடிக்கொண்டார். சொல் தெளிவாகத் திரும்பி வந்தது; மீண்டும் வந்தது; தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அடங்கும் வரை இருவரும் அசையாது நின்றனர்.

திரும்பும் வழியில் அவன் தன் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டான்.

“ஐயா, மிருதங்கம் என்றால் அவ்வளவு தாழ்ந்ததா? பாட்டுக்குப் பின்னால் போவது மட்டும்தானா?”

ஓதுவார் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதையைச் சொன்னார். சம்பந்தர் பாட, யாழ்ப்பாணர் அதனை யாழில் இட்டு வாசித்து உடன் சென்றார். தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், யாழின் சிறப்பினாலேயே பாட்டு பரவுகிறது என்றனர். அச்சொல் யாழ்ப்பாணரை நடுங்க வைத்தது. யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாட வேண்டும் என்று அவரே சம்பந்தரிடம் வேண்டினார். சம்பந்தர் பாடினார்; யாழில் அது அடங்கவில்லை. யாழ்ப்பாணர் யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் அதைத் தடுத்து, இந்தக் கருவியில் வந்த அளவுக்கு வாசியுங்கள் என்று சொல்லி மீண்டும் அவர் கையிலேயே கொடுத்தார். அப்பதிகத்துக்கு யாழ்முரி என்றே பெயர்.

“யாழை உடைக்க விடவில்லை பார், தம்பி. கருவி தாழ்ந்தது என்றால் உடையட்டும் என்று விட்டிருப்பார்” என்றார் ஓதுவார்.

ஆடி அமாவாசை வந்தது. ஐயாற்றில் காவிரிக் கரையெங்கும் கூட்டம். முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்த வந்தவர்கள் பகலிலேயே கரையை நிறைத்திருந்தனர். மாலையில் கோயிலுக்குள்ளும் நெரிசல். ஆடிக்காற்று மண்டபத்தின் வழியே வீசியது.

இளைஞன் முன்னதாகவே வந்து சுருதியைச் சேர்த்தான். வலந்தலையின் பதினாறு இடங்களிலும் ஒரே ஒலி வரும் வரை பின்னலைத் தட்டினான். தொப்பியில் பிசைந்த ரவையை அப்பினான். காற்றில் ரவை விரைவில் காய்ந்துவிடும். காய்ந்தால் இறுகித் தொப்பியின் கனம் குறைந்துபோகும். அதனால் சிறு கிண்ணத்தில் நீரும் வைத்துக்கொண்டான்.

ஓதுவார் அன்று மிகவும் சோர்ந்திருந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று வயலின் வாசிக்கும் பெரியவர் மெல்லச் சொன்னார். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்றார்.

தாண்டகம் தொடங்கியது. இளைஞன் இரு கைகளையும் மிருதங்கத்தின் மேல் பரப்பி வைத்திருந்தான். கூட்டத்தில் ஒருவர், “மிருதங்கம் ஏன் வாசிக்கவில்லை?” என்று அருகிலிருந்தவரைக் கேட்டது மேடை வரை கேட்டது. ஒரு மாதத்துக்கு முன்பென்றால் அவன் முகம் சிவந்திருக்கும். இப்போது அவன் பார்வை ஓதுவாரின் தோளிலேயே இருந்தது. ஒவ்வோர் அடியின் முன்பும் மூச்சு எடுக்க அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பது அந்த அரங்கில் அவனுக்கே நன்றாகத் தெரிந்தது. கடைசி அடி நெருங்கியபோது விரலை நீரில் நனைத்து, ஓசை எழாமல் ரவையைத் தடவி ஈரமாக்கினான்.

பின்னர்க் காந்தாரப் பதிகம் ரூபக தாளத்தில் எழுந்தது. அவன் பாட்டின் கட்டளையை ஒட்டியே வாசித்தான். யானை வந்த பாட்டில் தொப்பி சற்று ஆழ்ந்து ஒலித்தது. குயில் வந்த பாட்டில் வலந்தலையின் ஓரத்தில் விரல் நுனிகள் மட்டும் நடந்தன. நான்கு பாட்டு முடிந்தது. ஐந்தாம் பாட்டின் நடுவில், சமம் வருவதற்கு முன்னால் உயர வேண்டிய தோள்கள் உயரவில்லை.

தாளக்கருவி வாசிப்பவர் கையில் அந்நொடியில் ஒரு கொடிய அதிகாரம் இருக்கிறது. கணக்குப்படி சமத்தில் ஓங்கி அடித்தால் போதும். பாடுபவர் இடத்தைத் தவறவிட்டார் என்பது அரங்கம் முழுவதுக்கும் தெரிந்துவிடும். வாசிப்பவர்மேல் குற்றம் சொல்ல யாராலும் முடியாது.

இளைஞன் சமத்தை மிக மென்மையாகத் தொட்டுவிட்டு, இன்னோர் ஆவர்த்தனத்தை எளிய நடையில் ஓட விட்டான். அவ்வாறே திட்டமிட்டது போல் வயலின் அதன்மேல் பண்ணை நீட்டிக்கொண்டது. ஓர் ஆவர்த்தனம் போதவில்லை. இரண்டாவதையும் அவன் அதே மென்மையோடு நடத்தினான். தோள்கள் உயர்ந்தன. அடுத்த சமத்தில் சொல் வந்து அமர்ந்தது. அதன்பின் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு மூன்று இடங்களில் இவ்வாறு நேர்ந்தது. சில இடங்களில் ஓர் ஆவர்த்தனம், சில இடங்களில் இரண்டு என்று மூச்சுக்குத் தக்கபடி அவன் கொடுத்துக்கொண்டே வந்தான். கூட்டத்தில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. கைதட்டலும் எழவில்லை. பதினொன்றாம் பாட்டு முடிந்து திருச்சிற்றம்பலம் என்று ஓதுவார் சொன்னபோது பலர் கண்ணை மூடியபடியே இருந்தனர்.

கோயிலார் சிறு உறை ஒன்றை ஓதுவாரிடம் அளித்தனர். கூட்டம் கலைந்தபின் அவர் தூணில் சாய்ந்து அமர்ந்து, உறையிலிருந்த தாள்களை மடியில் கொட்டி மூன்று பங்காகப் பிரித்தார். ஒரு பங்கு வயலின் வாசித்த பெரியவருக்குச் சென்றது. ஒன்றை இளைஞனிடம் நீட்டினார்.

“வேண்டாம், ஐயா. வாத்தியார் பணம் பற்றிப் பேசக் கூடாது என்றார்.”

“நீ பேசவில்லையே” என்றார் ஓதுவார். பிறகு, இருமல் அடங்கியதும், “முக்குறுணி, தம்பி. வாங்கிக்கொள்” என்றார்.

அவன் எழுந்து நின்று இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். பின்னர் மீண்டும் அமர்ந்து, தொப்பியில் காயத் தொடங்கியிருந்த ரவையைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தான். ஈரத் துணியால் தோலைத் துடைத்தான். மிருதங்கத்தை உறையில் இட்டுக் கட்டியபின், கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்ததால், ஓதுவாரை வீடு வரை கைபிடித்து அழைத்துச் சென்றான்.